கண்டி ஒரு லட்சத்துக்கு வாங்கிய பருத்தி: ஒரு நூற்பாலையின் இருப்புக் கணக்கு

2022 மே மாதம் சங்கர்-6 ரகப் பருத்தி கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. கண்டி என்றால் 356 கிலோ. 2021 தொடக்கத்தில் இதே பருத்தி ஐம்பதாயிரத்துக்கும் கீழே கிடைத்தது. நூல் விலையைத் தாங்க முடியாமல் அந்த மே 16, 17 தேதிகளில் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் இரண்டு நாள் கதவடைத்தன. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 14 முதல், பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கியிருந்தது. அப்படியும் விலை உடனே இறங்கவில்லை. இனி கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயத்தில் கொங்கு வட்டாரத்தின் பல மில்கள் அந்த உச்சத்தில்தான் பருத்தியை வாங்கி அடுக்கின.

பிறகு சரிவு தொடங்கியது. முதலில் இறங்கியது பருத்தி அல்ல, நூல். திருப்பூர்க்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். புதிய பருத்தி அக்டோபரில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில், 2022 செப்டம்பர் 30 அன்று, ஒரு நூற்பாலையின் கிடங்கில் கிடந்த பருத்திக்கும் நூலுக்கும் என்ன மதிப்புப் போடுவது என்பதுதான் இந்த ஆய்வு. அந்த மில்லின் தணிக்கையாளராக இருந்தவன் நான். பெயரைச் சொல்லப்போவதில்லை. எண்களையும் உருட்டி மாற்றியிருக்கிறேன். கணக்கு ஓடிய வழி மட்டும் நடந்தது நடந்தபடி.

மில் பெரியதல்ல, 12,000 கதிர்கள். திருப்பூருக்குப் போகும் 30ஆம் நம்பர் கோம்டு நூல், அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்கும் நூல்தான் முக்கியச் சரக்கு. மூன்று ஷிஃப்ட் ஓடினால் நாளுக்கு ஐந்து டன் நூல் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வங்கியில் ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க, தணிக்கை செய்த அரையாண்டுக் கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் செப்டம்பர் 30ஆம் தேதிக் கணக்கு.

கிடங்கில் இருந்தவை இரண்டு. பருத்தி 1,500 பேல், பேலுக்கு 170 கிலோ வீதம் 2,55,000 கிலோ. சராசரிக் கொள்முதல் விலை கிலோவுக்கு 275 ரூபாய், கண்டிக் கணக்கில் 97,900. அடுத்தது 1,20,000 கிலோ நூல். மில்லின் கணக்காளர் அதற்குக் கிலோவுக்கு 438 ரூபாய் அடக்கவிலை போட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து 12 கோடியே 26 லட்சத்து 85 ஆயிரம். இயந்திரங்களில் பாதி நிலையில் இருந்த சரக்கும், சிறிதளவு விஸ்கோஸ் நூலும் தனி. அரைகுறைச் சரக்குக்கும் இதே முறைதான் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

விதி ஒரு வரிதான். அடக்கவிலை, விற்றால் கைக்கு வரும் நிகரத் தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு. இந்தியாவின் கணக்கியல் தரநிலை 2 சொல்வது இதுதான். நிகரத் தொகை என்பது வழக்கமான வியாபாரத்தில் எதிர்பார்க்கும் விற்பனை விலையிலிருந்து, சரக்கை முடிக்க ஆகும் செலவையும் விற்பதற்கு ஆகும் செலவையும் கழித்தபின் மிஞ்சுவது. தணிக்கையாளர்கள் பேச்சில் இது என்.ஆர்.வி. வரி ஒன்றுதான் என்றாலும், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வாதாடலாம். நாங்கள் வாதாடினோம்.

முதலில் அடக்கவிலையையே சரிசெய்ய வேண்டியிருந்தது

என்.ஆர்.வி. என்றதும் எல்லோரும் சந்தை விலையைத் தேடி ஓடுகிறார்கள். ஒப்பிடப்போகும் மறுபக்கம் சரியா என்று பார்ப்பதில்லை. கணக்காளரின் 438 ரூபாயில் எனக்கு முதலிலேயே சந்தேகம் வந்தது. ஏனென்றால் மே மாதத்தில், பருத்தி அதே விலையில் இருந்தபோது, அவரே 425 போட்டிருந்தார்.

காரணம் நிறுத்திய ஷிஃப்ட். தேய்மானம், மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம், நிரந்தரத் தொழிலாளர் சம்பளம் ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவுகள். ஐந்து டன்னில் பரவ வேண்டிய அந்தச் செலவை மூன்றேகால் டன்னில் பரப்பியதால் கிலோவுக்கு 13 ரூபாய் கூடியிருந்தது. நிலையான உற்பத்திச் செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே சரக்கின்மேல் ஏற்ற வேண்டும். ஓடாத ஷிஃப்டின் செலவு அந்தக் காலத்தின் நட்டம். அது நூலுக்குள் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஆகவே நூலின் அடக்கவிலையை இப்படி எடுத்துக்கொண்டோம். கோம்டு நூல் ஒரு கிலோவுக்கு 1.4 கிலோ பருத்தி வேண்டும். 275 ரூபாய் வீதம் அது 385. கோம்பர் கழிவும் மற்றக் கழிவுப் பஞ்சும் விற்றதில் கிலோ நூலுக்கு 35 ரூபாய் திரும்பி வந்தது. நூற்புச் செலவு, வழக்கமான ஓட்டத்தில், 75. மொத்தம் 425.

கிலோவுக்கு 13 ரூபாய் வீதம் 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் இருப்பிலிருந்து வெளியேறியது. எப்படியும் நட்டக் கணக்குக்குத்தானே போகிறது, அதை என்.ஆர்.வி. குறைப்போடு சேர்த்து எழுதிவிடலாமே என்று கணக்காளர் கேட்டார். சேர்க்கக் கூடாது. விலை ஏறினால் என்.ஆர்.வி. குறைப்பைப் பழைய அடக்கவிலை வரை திரும்ப ஏற்றலாம். ஓடாத ஷிஃப்டின் செலவு எந்தக் காலத்திலும் சரக்கின் மதிப்பாகத் திரும்பி வராது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நூல்: பட்டியல் விலையும் பில் விலையும்

நூலுக்கு மில் முதலாளி காட்டிய விலை 362 ரூபாய். செப்டம்பர் மாதத்துக்கு அவரே வெளியிட்ட விலைப்பட்டியல் அது. பட்டியல் பொய்யல்ல. ஆனால் சந்தை மந்தமாக இருக்கும் மாதங்களில் அந்த விலையில் யாரும் நூல் எடுப்பதில்லை. செப்டம்பர் கடைசி வாரத்து பில்களை எடுத்தோம். ஜி.எஸ்.டி. நீங்கலாக, தள்ளுபடி போக, கிலோ 352 ரூபாய்க்குப் போயிருந்தது. அதில் ஏஜென்ட் கமிஷன் ஒரு சதவீதம், ஏறக்குறைய 3.50. ஏற்றுகூலியும் லாரி வாடகையும் 2.50. கைக்கு வருவது 346.

ஆக 425க்கு எதிரே 346. கிலோவுக்கு 79 ரூபாய் குறைவு.

செப்டம்பர் 30க்குப் பிறகு நடந்ததையும் பார்த்தோம். அக்டோபர் முதல் பாதியில் இந்த இருப்பிலிருந்தே விற்ற நூலுக்கு நிகரமாகச் சராசரி 344 ரூபாய் வந்திருந்தது. இப்படிப்பட்ட பிந்திய விற்பனை, கணக்குத் தேதியில் நிலைமை என்னவாக இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. 346 என்ற எண் கைக்கு எட்டாதது அல்ல என்று அது உறுதிசெய்தது. நவம்பரில் விலை மேலும் இறங்கியதே, அதையும் ஏன் எடுக்கவில்லை என்று என் அலுவலகத்தில் ஓர் இளைஞர் கேட்டார். செப்டம்பர் 30 அன்று இருந்த நிலையைக் காட்டும் விலை மாற்றம் வேறு. அதன்பின் புதிதாக எழுந்த நிலையால் வந்த மாற்றம் வேறு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் எனக்கும் எப்போதும் தெளிவு இருப்பதில்லை. இந்தக் கணக்கில் ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொண்டோம்: கணக்குத் தேதிக்குப் பின் இரண்டு வாரத்துக்குள், அதே சரக்கு, அதே வகை வாங்குபவர். அதற்கு மேல் போகவில்லை.

நாற்பது டன் ஒப்பந்தம்

இந்த இடத்தில்தான் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆடிட்டர் சார், நாற்பது டன்னுக்கு எனக்கு ஆர்டர் இருக்கிறது. கிலோ 405. கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது."

"காகிதத்தைப் பார்த்தேன், அண்ணா. உறுதியான விற்பனை ஒப்பந்தத்துக்காக வைத்திருக்கும் சரக்குக்கு ஒப்பந்த விலையைத்தான் எடுக்க வேண்டும். சந்தை விலையை அல்ல. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை."

ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர் ஜூலையில் போட்ட 50 டன் ஆர்டர் அது. செப்டம்பரில் பத்து டன் போய்விட்டது, நாற்பது பாக்கி. 405இல் கமிஷன் 4 ரூபாய், வாடகை 2.50 கழித்தால் 398.50. அந்த விலையிலும் கிலோவுக்கு 26.50 நட்டம்தான். ஆனால் 79ஐவிட எவ்வளவோ மேல்.

எனக்கு உறுத்தியது "உறுதியான" என்ற சொல். சந்தை 352இல் இருக்கும்போது எந்த ஏற்றுமதியாளர் 405 கொடுத்து நூல் எடுத்துக்கொண்டே இருப்பார்? திருப்பூர் வியாபாரத்தில் ஆர்டரை ரத்து செய்வதில்லை. அது முகத்தை முறிப்பது போல. விலையைக் குறைத்துக் கேட்பார்கள், குறைத்த தொகைக்கு மில்காரர் கிரெடிட் நோட் கொடுப்பார். ஆகவே ஒப்பந்தக் காகிதத்தை விட்டுவிட்டு, கிரெடிட் நோட் கோப்பைக் கேட்டேன். அக்டோபர் 12 தேதியிட்டு, போன பத்து டன்னுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் கழித்து ஒரு கிரெடிட் நோட் இருந்தது. அதன் பின்னால் குத்திவைத்திருந்த வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படியில் தேதி செப்டம்பர் 24. "மீதி லாட்டுக்கும் இதே விலைதான், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்" என்ற பொருளில் இருந்தது செய்தி.

கிரெடிட் நோட் கணக்குத் தேதிக்குப் பின்னால் எழுதப்பட்டது. அது பிறந்த நிலைமை கணக்குத் தேதிக்கு முன்பே இருந்தது. 405 அப்போதே 375 ஆகிவிட்டிருந்தது. நாற்பது டன்னின் நிகர மதிப்பை 368.50 என்று எடுத்தோம். கிலோவுக்கு 56.50 குறைப்பு. போய்விட்ட பத்து டன்னுக்கான மூன்று லட்சம் விற்பனை வருவாயில் குறைய வேண்டியது. அதற்கும் இருப்புக்கும் சம்பந்தமில்லை.

ஒப்பந்தம் உள்ள சரக்கைத் தணிக்கையில் பார்க்கும் யாருக்கும் நான் சொல்வது, கையெழுத்தைச் சோதிக்காதீர்கள், கடைசி மூன்று லாட்டுகளுக்குப் பணம் எவ்வளவு வந்தது என்று பாருங்கள் என்பதே. இங்கே ஒரு லாட்தான் போயிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

நூல் கணக்கு இப்படி முடிந்தது. ஒப்பந்தம் இல்லாத 80,000 கிலோவுக்கு 79 ரூபாய் வீதம் 63 லட்சத்து 20 ஆயிரம். ஒப்பந்தச் சரக்கு 40,000 கிலோவுக்கு 56.50 வீதம் 22 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 85 லட்சத்து 80 ஆயிரம்.

விஸ்கோஸ் நூலில் கிலோவுக்கு இருபது ரூபாய் லாபம் நிற்கிறதே, அதை இதில் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி வந்தது. கழிக்க முடியாது. ஒப்பீடு சரக்கு வாரியாக நடக்க வேண்டும். விற்காத லாபத்தை வைத்து விற்காத நட்டத்தை மறைப்பதற்கு விதியில் இடமில்லை.

பருத்தி: உண்மையான சண்டை

பருத்தி விற்பதற்காக வைத்திருக்கும் சரக்கல்ல, நூற்பதற்காக வைத்திருப்பது. ஆகவே அதற்குத் தனி விதி. பருத்தியின் சந்தை விலை விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதன் மதிப்பைக் குறைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் நூல் அடக்கவிலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால் பருத்தி வாங்கிய விலையிலேயே நிற்கும். நூலே அடக்கத்துக்குக் கீழே போகும் என்றால்தான் பருத்தியையும் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும்போது, இன்று அதே பருத்தியைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அது நல்ல அளவாக இருக்கக்கூடும் என்கிறது தரநிலை.

முதல் கேள்விக்கு விடை ஏற்கெனவே கையில் இருந்தது. இந்தப் பருத்தியில் நூற்றால் நூல் 425 அடங்கும், விற்றால் 346 வரும். குறைத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதுதான் சண்டை.

முதலாளி தரகரிடம் விலைக் கடிதம் வாங்கி வந்தார். செப்டம்பர் 30 அன்று கண்டி 84,000. கிலோவுக்கு 236. "புதிதாக வாங்கினால் ஆகும் விலை என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. 275க்கும் 236க்கும் வித்தியாசம் 39. குறைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை." குறைப்பு 99 லட்சத்து 45 ஆயிரம் வரும்.

புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. "இருக்கக்கூடும்" என்கிறது. அந்த ஒரு சொல்லின்மேல்தான் நான் நின்றேன். தரகரின் விலை பொய்யல்ல. ஆனால் அது பழைய பருவத்தின் வால் விலை. பழைய பருத்தி தீர்ந்துகொண்டிருந்தது, புதியது இன்னும் வரவில்லை. யாரும் வாங்காத விலைக்கு ஒரு கடிதம் கிடைப்பது கடினமல்ல. அந்த மாதம் அந்த விலையில் உங்கள் கையால் எத்தனை பேல் வியாபாரம் ஆயிற்று என்று தரகரைத் தொலைபேசியில் கேட்டேன். சிரித்துவிட்டு, "மில்காரர் யாரும் வாங்கவில்லையே சார்" என்றார். நூல் வாங்குபவர்களோ அக்டோபரில் வரப்போகும் மலிவான பருத்தியை மனத்தில் வைத்து அப்போதே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நூல் விலை புதிய பருத்தியைப் பார்த்து நிற்க, பருத்தி விலை பழைய பருத்தியைப் பார்த்து நின்றது. இப்படி இரண்டும் பிரிந்து நிற்கும் சமயத்தில் புதிதாக வாங்கும் விலையை அளவாக எடுத்தால் நட்டத்தில் ஒரு பங்கு கணக்கிலிருந்து தப்பிவிடும்.

ஆகவே நூல் விலையிலிருந்து பின்னோக்கி நடந்தோம்.

```
நூல் விற்று நிகரமாக வருவது (கிலோ)      346
கழிக்க: நூற்புச் செலவு                  75
கூட்ட: கழிவுப் பஞ்சு விற்பனை           30
1.4 கிலோ பருத்தி தாங்கும் தொகை        301
ஒரு கிலோ பருத்திக்கு (301 / 1.4)       215
```

கழிவு வரவு 35 அல்ல, 30 என்பதைக் கவனிக்கவும். பருத்தி விலை விழும்போது கழிவு விலையும் கூடவே விழுகிறது. மே மாத விகிதத்தையே கணக்காளர் விட்டிருந்தார். செப்டம்பர் கழிவு பில்களைப் பார்த்து 30 ஆக்கினோம். கையில் இருந்த நூலின் அடக்கவிலையில் 35 நிற்கட்டும், அது நடந்து முடிந்தது. இனி நூற்கப்போகும் பருத்திக்கு மட்டும்தான் 30.

215 என்றால் கண்டி 76,540. கிலோவுக்கு 60 ரூபாய் குறைப்பு, 2,55,000 கிலோவுக்கு ஒரு கோடியே 53 லட்சம். தரகர் விலைக் கணக்கைவிட 53 லட்சத்து 55 ஆயிரம் அதிகம்.

இன்னொரு வாதமும் வந்தது, இதை நான் மதிக்கிறேன். 75 ரூபாய் நூற்புச் செலவில் ஏறக்குறைய 25 ரூபாய் நிலையான செலவு. பருத்தியை நூற்றாலும் நூற்காவிட்டாலும் ஆகப்போவது. அதை ஏன் சரக்கை முடிக்கும் செலவாகக் கழிக்க வேண்டும்? ஐம்பதை மட்டும் கழித்தால் பருத்தி 232.86 தாங்கும். தரகர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதலாளியின் மகன், எம்.பி.ஏ. படித்தவர், இதைச் சொன்னார். பருத்தியை நூற்பதா, அப்படியே விற்பதா என்ற வியாபார முடிவுக்கு அவர் வாதம் சரியானதே. இருப்பு மதிப்பீட்டுக்குச் சரிவராது. அவர் சொன்ன 232.86ஐ வைத்து நூற்றுப் பார்த்தேன். பருத்தி 326, கழிவு போக 296, நூற்புச் செலவு 75 சேர்த்தால் நூல் 371 அடங்கும். விற்றால் 346. நூல் கோனாக மாறிய அன்றே மறுபடியும் 25 ரூபாய் குறைக்க வேண்டிவரும். இன்று தெரிகிற நட்டத்தை இரண்டு மாதம் தள்ளிவைப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. 215இல் நூற்றால் நூல் சரியாக 346 அடங்கும். நான் எடுத்த எண் சரிதானா என்று சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கிடங்குக்கு வராத பருத்தி

மே மாதப் பயத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி 400 பேல் ஆர்டர் போட்டிருந்தார்கள், விலையும் அப்போதே பேசியாயிற்று. செப்டம்பர் 30 வரை கப்பல் ஏறவில்லை. கணக்காளர் இதைக் காட்டவே இல்லை. சரக்கே வராதபோது இருப்பு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. இருப்பு இல்லைதான். ஆனால் திரும்பப் பெற முடியாத கொள்முதல் ஒப்பந்தம், நட்டம் உறுதியான ஒப்பந்தம். அதற்கு ஒதுக்கீடுகளுக்கான தரநிலை 29இன் கீழ் தனியாக ஒதுக்கீடு வைக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் வரும் நட்டம், முறித்தால் கட்ட வேண்டிய தண்டம், இரண்டில் குறைவானது. விற்பவரோடு அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்ததால் தண்டத்தின் தொகையை வைத்து ஒதுக்கினோம். இந்த வகை நட்டம் தணிக்கையில் எளிதில் தவறிப்போகிறது, ஏனென்றால் கிடங்கை எண்ணும்போது கண்ணில் படாது. வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட் பட்டியலைக் கேட்டால் பட்டுவிடும்.

ஏன் இவ்வளவு எதிர்ப்பு

வருமான வரிக்காக என்று முதலில் நினைத்தேன். தவறு. வரிச் சட்டத்தின் இருப்பு மதிப்பீட்டு விதியும் அடக்கவிலை அல்லது என்.ஆர்.வி., குறைவானதையே எடுக்கச் சொல்கிறது. நட்டம் காட்டினால் வரி குறையும்தானே தவிர கூடாது.

எதிர்ப்பு வங்கிக்காக. ரொக்கக் கடனில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை மில் தரும் இருப்புப் பட்டியலை வைத்துத்தான் வங்கி கணக்கிடுகிறது. இதை டிராயிங் பவர் என்பார்கள். இந்த மில்லுக்கு இருப்பு மதிப்பில் 25 சதவீதத்தை விளிம்புத் தொகையாகக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கடன். மில்லின் முதல் கணக்கில் 12.27 கோடியாக இருந்த நூலும் பருத்தியும் எங்கள் கணக்கில் 9.72 கோடி ஆயின. ஓடாத ஷிஃப்டின் 15.60 லட்சம், நூலுக்கு 85.80 லட்சம், பருத்திக்கு 153 லட்சம், ஆக 2 கோடியே 54 லட்சம் குறைந்தது. அதில் முக்கால் பங்கு, ஒரு கோடியே 90 லட்சத்துக்கு மேல், டிராயிங் பவரில் குறையும். சம்பளமும் மின்கட்டணமும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகின்றன.

"இது அரையாண்டுக் கணக்குதானே, மார்ச்சில் முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முதலாளி சொன்னதன் பின்னால் இருந்தது இதுதான். இடைக்காலக் கணக்கிலும் ஆண்டு இறுதியில் பின்பற்றும் அதே முறையில்தான் இருப்பை மதிப்பிட வேண்டும். மார்ச் வரை பொறுக்க இடமில்லை. அவர் மறைக்க நினைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை ஏறிவிடும் என்று உண்மையாகவே நம்பினார். பஞ்சு வியாபாரத்தில் நாற்பது வருடம் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் அந்தத் தொழிலில் இருந்திருக்கவே மாட்டார். ஆனால் விலை எப்போதோ ஏறும் என்ற நம்பிக்கை ஒருவரின் கருத்து, பில் என்பது நடந்த வியாபாரம். கணக்கில் இரண்டாவதுதான் நிற்கும்.

மாதா மாதம் வங்கிக்குப் போன இருப்புப் பட்டியல்களையும் அப்போது புரட்டினேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதமும் பருத்தி 275. சுற்றிலும் விலை இறங்கிக்கொண்டிருக்க ஓர் எண் மட்டும் அசையாமல் இருந்தால், மதிப்பீடு நடக்கவில்லை என்று பொருள். முந்தைய மாதப் பட்டியலை எடுத்து அளவை மட்டும் திருத்தியிருந்தார்கள்.

பதிவு

மில்லின் கணக்குக் குறிப்பேட்டில் போன பதிவு இது. ஓடாத ஷிஃப்டின் செலவு தனிப் பதிவாகப் போய்விட்டது.

```
இருப்பு மதிப்புக் குறைப்பு க/கு   பற்று   2,38,80,000
    நூல் இருப்பு க/கு             வரவு     85,80,000
    பருத்தி இருப்பு க/கு          வரவு   1,53,00,000
```

பற்று, நுகர்ந்த மூலப்பொருள் செலவோடு கலக்காமல் லாப நட்டக் கணக்கில் தனி வரியாகத் தெரியவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கலந்துவிட்டால், இந்த மில்லில் பஞ்சு வீணாவது அதிகம் என்று வங்கியில் யாரோ முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

வரவை நேரடியாகச் சரக்குக் கணக்கில் வைப்பதா, தனி ஒதுக்கீட்டுக் கணக்கில் வைப்பதா என்பதில் மில்களுக்குள் இரண்டு பழக்கமும் உண்டு. எனக்கு ஒதுக்கீடு பிடிக்கும். எந்தப் பேலுக்கு எவ்வளவு குறைத்தோம் என்பது பிறகும் தெரியும், விலை ஏறினால் திரும்ப ஏற்றவும் வசதி. இங்கே மென்பொருள் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதால் நேரடியாகவே போனது. அமெரிக்கக் கணக்கு முறையில் ஒருமுறை குறைத்த மதிப்பே புதிய அடக்கவிலை, திரும்ப ஏற்ற வழியில்லை. நம் முறையில் ஒவ்வொரு கணக்குத் தேதியிலும் என்.ஆர்.வி.யைப் புதிதாகப் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் முதல் அடக்கவிலை வரை, அதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லாமல், ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த மில்லில் அதற்கு அவசியம் வரவில்லை. பருத்தி அந்த ஆண்டு முடிவதற்குள் கண்டி எழுபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

2023 மார்ச் கணக்குக்குப் போனபோது, முந்தைய மதிப்பீடு எப்படி முடிந்தது என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. 1,500 பேலும் டிசம்பர் பாதிக்குள் நூலாகிவிட்டிருந்தன, ஏறத்தாழ 1,82,000 கிலோ. விற்று நிகரமாக வந்தது சராசரி 339 ரூபாய். 346 அடக்கத்தில் வைத்த நூல் கிலோவுக்கு 7 ரூபாய் நட்டத்தில் போயிருக்கிறது. 13 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தரகர் விலையை ஏற்றிருந்தால் நூல் 375.40 அடங்கியிருக்கும். இரண்டாம் அரையாண்டில் 66 லட்சம் நட்டம் வந்திருக்கும். அந்த நட்டம் முழுக்க மே மாதத்தில் வாங்கியதன் நட்டம். அக்டோபருக்குப் பிறகு மில்லை ஓட்டியவர்கள் செய்த தவறு எதுவும் அதில் இல்லை.

டிராயிங் பவர் குறைந்ததற்கு முதலாளி ஒரு வீட்டுமனையைக் கூடுதல் ஈடாகக் கொடுத்துச் சமாளித்திருந்தார். மார்ச் இருப்புப் பட்டியலில் பருத்தி விலை பிப்ரவரிப் பட்டியலில் இருந்ததிலிருந்து மாறியிருந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். மகன் என்றார் கணக்காளர்.